மலைநாட்டில் வீட்டிலிருந்து வேலை: டெஸ்க்டொப்பா, லெப்டொப்பா?

ஏப்ரல் மாதம், பின்னேரம் இரண்டு மணி. தலவாக்கலையில் காலையெல்லாம் நல்ல வெயில் அடித்திருக்கும், பிறகு மேகம் கறுத்து, இடி ஒன்று விழ, கரண்ட் போய்விடும். பத்து நிமிடத்திலும் வரலாம், ராத்திரி வரைக்கும் வராமலும் இருக்கலாம். கொழும்பு கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதும் என் தங்கச்சிக்கு மெஷின் தேடியபோது, நான் முதலில் யோசித்தது இந்த இரண்டு மணியைத்தான். அவளுக்கு வேலை எக்செல், பிரவுசரில் பத்துப் பதினைந்து டாப், தினமும் ஒரு சூம் கூட்டம். கையில் இருந்தது ஒன்றரை இலட்சம் ரூபா. புதிதாக வாங்க அது போதாது, அதனால் பாவித்த ஒபிஸ் மெஷின்களைப் பார்த்தோம்.

கடைக்காரர் டெஸ்க்டொப்பைத்தான் சிபாரிசு செய்தார். "யூ.பி.எஸ் ஒன்று போட்டா கரண்ட் கட்டெல்லாம் பிரச்சினையே இல்ல" என்றார். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண 650 வி.ஏ யூ.பி.எஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய பெட்டரி ஒன்றுதான். பெருக்கினால் 84 வோட்-மணி. ஆனால் ஈய பெட்டரியிலிருந்து வேகமாக எடுக்கும்போது முழுவதும் கிடைக்காது, இன்வர்ட்டரும் கொஞ்சத்தைத் தின்னும். கையில் வருவது ஏறக்குறைய பாதி. டெஸ்க்டொப்பும் மொனிட்டரும் சேர்ந்து 70 வோட் இழுத்தால் புதிய பெட்டரியிலேயே அரை மணித்தியாலம் அளவுதான் கிடைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் பெட்டரி களைத்துவிடும், பிறகு ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. யூ.பி.எஸ் இருப்பது செய்த வேலையை சேவ் பண்ணி மெஷினை ஒழுங்காக நிறுத்துவதற்கு. தொடர்ந்து வேலை செய்வதற்கு அல்ல.

லெப்டொப்பில் கதை வேறு. நாங்கள் பார்த்த திங்க்பேட் டி480 மொடலில் உள்ளே 24 வோட்-மணி பெட்டரி ஒன்று, பின்னால் கழற்றி மாட்டக்கூடிய இன்னொன்று. பின்னால் உள்ளது 24 ஆகவும் இருக்கலாம், 72 ஆகவும் இருக்கலாம். எக்செல் வேலைக்கு லெப்டொப் 10 வோட் அளவில்தான் எடுக்கும், சூம் ஓடினால் 18 வரை போகும். பாவித்த பெட்டரிகள் 48இல் 34 தான் பிடிக்கின்றன என்று வைத்தாலும் எக்செல்லுக்கு மூன்று மணித்தியாலம் கிடைக்கிறது. பின்னால் புதிய 72 போட்டால் பின்னேரம் முழுக்க ஓடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. லெப்டொப் ஓடினாலும் ரவுட்டர் செத்துவிடும். அதற்கென்று 12 வோல்ட் மினி யூ.பி.எஸ் விற்கிறார்கள். பெட்டியில் 8800 mAh என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. உண்மையில் 32 வோட்-மணிதான். ரவுட்டர் 7 வோட் எடுத்தால், 12 வோல்ட்டாக மாற்றும்போது வீணாவதும் போக, நான்கு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறையக் கிடைக்கும், அது போதும். டெஸ்க்டொப் வாங்கினாலும் இது தேவை, ஆகவே இரண்டு பக்கத்துக்கும் பொதுச் செலவு.

இடி வேறு இருக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் எங்கள் பக்கம் இடி பலம். பழைய லயத்து வீடுகளில் பல இடங்களில் எர்த் சரியில்லை, எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் தன் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. நம்பக்கூடிய ஒரே காரியம், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது. டெஸ்க்டொப்பில் பிளக்கைக் கழற்றினால் யூ.பி.எஸ்ஸின் அந்த அரை மணித்தியாலம்தான் மிச்சம். தங்கச்சி இப்போது வானம் இருண்டதும் சார்ஜரையும் மொனிட்டர் கேபிளையும் கழற்றிவிடுகிறாள். பெரிய திரையில் இருந்த ஷீட் சின்னத் திரைக்கு வந்துவிடும், வேலை நிற்காது.

சரி, சக்தி? இங்கே டெஸ்க்டொப்தான் முன்னால், அதில் சந்தேகமில்லை. இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர், "i5, 8ஆம் தலைமுறை". ஆனால் டெஸ்க்டொப்பில் இருக்கும் i5-8500க்கு ஆறு கோர், 65 வோட் வரை எடுத்து ஓடக்கூடியது. லெப்டொப்பின் i5-8250U நான்கு கோர், 15 வோட்டுக்கு என்று செய்தது. சில விநாடி வேகமாக ஓடிவிட்டுப் பிறகு சூட்டைக் கண்டு குறைத்துக்கொள்ளும். கணக்கு வேலையில் இந்த வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட் பண்ணுகிற ஆளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

விலையை டெஸ்க்டொப்பின் பெட்டியை மட்டும் வைத்து ஒப்பிடுவது தப்பு. எங்களுக்குச் சொன்ன விலை: பெட்டி 65,000. அதோடு மொனிட்டர் 18,000, யூ.பி.எஸ் 17,000, அப்புறம் வெப்கேம், வைஃபை டொங்கிள், ஹெட்செட், கீபோர்ட் என்று சேர்ந்து 115,000 ஆனது. லெப்டொப் 105,000, புதிய பின் பெட்டரி 12,000. அதே மொனிட்டர், கீபோர்ட், ஹெட்செட் சேர்த்தால் 141,500. மொனிட்டரை விட்டுவிடச் சொன்னார்கள், நான் விடவில்லை. நாள் முழுக்கக் குனிந்து 14 அங்குலத் திரையைப் பார்த்தால் கழுத்து போய்விடும். ஆக, வித்தியாசம் 26,500 ரூபா. கரண்ட் பில்லில் அதில் கொஞ்சம் திரும்பி வரும். ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் டெஸ்க்டொப்புக்கு 16 யூனிட், லெப்டொப்பும் மொனிட்டரும் சேர்ந்து 8. மாதம் 60 யூனிட்டின் எல்லையில் நிற்கிற வீட்டுக்கு அந்த எட்டு யூனிட் சின்ன விஷயமில்லை.

பிற்காலத்தில் மாற்றிப் போடும் வசதியில் டெஸ்க்டொப் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய டவர் என்றால் உண்மை. ஆனால் சந்தைக்கு வரும் பாவித்த ஒபிஸ் பெட்டிகளில் அதிகம் ஒல்லியானவை. அவற்றின் பவர் சப்ளையும் போர்டும் கம்பனியின் சொந்த அளவு, கிராபிக்ஸ் கார்ட் போட்டாலும் குட்டையானதும் 75 வோட்டுக்குள் அடங்குவதும்தான் பொருந்தும். ரேமும் எஸ்.எஸ்.டியும் மாற்றலாம், டி480இலும் அவ்வளவும் மாற்றலாம். அதில் ரேமுக்கு இரண்டு ஸ்லொட். பக்கத்தில் இருந்த டி480எஸ்ஸில் ஒன்று போர்டிலேயே ஒட்டியது, ஒன்றுதான் ஸ்லொட். பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், கவனமாகப் பார்க்க வேண்டும்.

டெஸ்க்டொப்புக்கு இங்கே ஒரு நிஜமான அனுகூலம் உண்டு, அது ஈரம் பற்றியது. மழைக்காலத்தில் நாலு நாள் பூட்டிக் கிடந்த பெட்டி பீப் சத்தம் மட்டும் போட்டுத் திரை வராமல் நிற்கும். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற ஓரத்தை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போட்டால் பல தடவை சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. போர்டு போனாலும் டெஸ்க்டொப்பில் மற்றச் சாமான் மிஞ்சும். லெப்டொப்பில் போர்டு போனால் பெரும்பாலும் மெஷினே போன மாதிரி.

ஆனாலும் தங்கச்சிக்கு லெப்டொப்தான் எடுத்தோம். கரண்ட் ராத்திரி வரை வராத நாளில் பையில் போட்டுக்கொண்டு டவுனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறாள். "மாசக் கடைசியில ஒரு நாள் விட்டாலும் கதை முடிஞ்சுது அண்ணே" என்று அவள் சொன்னதுதான் எனக்கு அந்த 26,500க்குக் கணக்கு. அவள் வீடியோ எடிட் செய்கிறவளாகவோ, கரண்ட் நிற்காத இடத்தில் இருப்பவளாகவோ இருந்திருந்தால் டவர்தான் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

எதை எடுத்தாலும் இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். Windows 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, 6ஆம், 7ஆம் தலைமுறை மெஷின்களில் மிகப் பெரும்பாலானவற்றை Windows 11 முறைப்படி ஏற்காது. விலை குறைந்த பெட்டிகளில் பல அந்த ரகம். லெப்டொப் என்றால் காசு கொடுக்கும் முன் கடையிலேயே Command Promptஐத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

அறிக்கை ஒரு HTML கோப்பாகச் சேமிக்கப்படும், எங்கே என்று அந்தத் திரையிலேயே காட்டும். அதை பிரவுசரில் திறந்தால், DESIGN CAPACITY என்பது புதிதில் பிடித்தது, FULL CHARGE CAPACITY என்பது இன்று பிடிப்பது. எங்களுக்குக் காட்டிய முதல் மெஷினில் இரண்டாவது எண் முதலாவதின் பாதிகூட இல்லை. அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டோம்.