தீபாவளிக்கு ஆட்களுக்கு என்ன கொடுப்பது: இனிப்புப் பெட்டியா, உலர்பழமா, பாத்திரமா, கூப்பனா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் எச்.ஆர். மேசையிலும் பர்ச்சேஸ் மேசையிலும் விலைப்பட்டியல்கள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். வருகிறவர் எல்லோரும் தன்னுடையதுதான் சிறந்தது என்பார். பிரித்துப் பார்த்தால் நாலே வகைதான். இனிப்பு காரப் பெட்டி, உலர்பழப் பெட்டி, எவர்சில்வர் பாத்திரம், கடைக் கூப்பன். கோவைப் பக்கம் பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பார்க்கிறவன் என்ற முறையில் நாங்கள் கடைசியில் நின்றது இனிப்பு காரப் பெட்டியில், அதுவும் சில நிபந்தனைகளோடு. என் சாய்வு அந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. நமக்கெல்லாம் வரி நீங்கலான விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு, கட்டுகிற ஜி.எஸ்.டி. எப்படியும் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பிவிடும் என்பதால். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு அந்த வரவு கிடையாது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுத்துவிட்டது. (ஒரு ஊழியருக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய்க்குள் கொடுக்கும் பரிசுக்கு நிறுவனம் தன் பங்குக்கு வரி கட்ட வேண்டாம் என்பது வேறு விஷயம்.) அதனால் வரியும் சேர்ந்ததுதான் உங்கள் உண்மையான செலவு. 570 ரூபாய்க்கு இனிப்புப் பெட்டி என்றால் 5 சதவீதம் சேர்த்து 598.50. அதே 570 ரூபாய்க்கு மின்சாரக் கெட்டில் என்றால் 18 சதவீதம் சேர்த்து 672.60. 400 பேருக்கு வாங்கும்போது வித்தியாசம் முப்பதாயிரத்தை நெருங்குகிறது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இனிப்பு, காரம், பாதாம் மாதிரியான பருப்புகள், எவர்சில்வர் சமையல் பாத்திரம் எல்லாமே 5 சதவீதத்துக்கு வந்துவிட்டதால் இவற்றுக்குள் வரி ஒரு பொருட்டில்லை.

கூப்பனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடுத்துப்போக எளிது, கெட்டுப்போகாது, அவரவர் விருப்பத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும் என்பதால்தான் பலர் கூப்பனுக்குப் போகிறார்கள். அலுவலகப் பிரிவுக்கு மட்டும் நாங்கள் கொடுத்துப் பார்த்திருக்கிறோம், அதனால் பெரிய எண்ணிக்கைக்கு எப்படி என்று அழுத்திச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆட்களின் சொந்த ஊரில் அந்தக் கடைக்குக் கிளை இருக்கிறதா, கூப்பன் எந்தத் தேதியோடு காலாவதியாகிறது. தேனிக்கோ சிவகங்கைக்கோ பஸ் ஏறுகிறவருக்குக் கோவையில் மட்டும் செல்லும் கூப்பன் தீபாவளிக்கு உதவாது.

பாத்திரமும் நல்லதுதான், பத்து வருடம் வீட்டில் இருக்கும். ஆனால் பரிசுக்கென்று மலிவாக வருவதில் பெரும்பாலும் 202 ரகம் இருக்கும், உப்பு பட்டுப் பட்டுப் புள்ளி புள்ளியாகத் துரு தட்டும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள், ஆனால் 202-லும் சாதாரணமாகக் காந்தம் ஒட்டாது, அதைவிட நல்ல ரகமான 304-லும் ஒட்டாது. பில்லிலேயே ரகத்தை எழுதித் தரச் சொல்வதுதான் வழி. இன்னொன்று, சில வருடம் வேலை பார்த்தவர் வீட்டில் ஏற்கெனவே கம்பெனி பெயர் பொறித்த டிபன் பாக்ஸ் அடுக்கி இருக்கும்.

உலர்பழப் பெட்டிதான் உண்மையான போட்டி. அதன் பெரிய பலம் நாள் தாங்குவது. நன்றாக மூடி ஒட்டிய உறையில் வந்தால் ஒரு மாதம் முன்பே வாங்கி ஸ்டோரில் வைத்துவிடலாம், கடைசி வாரத்தில் ஓடவேண்டியதில்லை. பலவீனம் எடையில் இருக்கிறது. அகலமான பெட்டி, நாலு குழி, குழிக்கு 50 கிராம் என்றால் மொத்தம் 200 கிராம்தான், அதிலும் ஒரு குழி திராட்சையாக இருக்கும். முந்திரிக்கு ரகம் கேளுங்கள். W240 என்றால் பெரிய முழுப் பருப்பு, W320 நடுத்தரம் (ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண்), அதற்குக் கீழே சிறிய முழுப் பருப்பு, அதற்கும் கீழே உடைத்த பருப்பு. மாதிரியில் முழுப் பருப்பும் சரக்கில் பாதியும் வந்து நிற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. குழிகளுக்கு மேல் வெறும் கண்ணாடித்தாளைச் சுற்றி வந்தால் வேண்டாம், ஐப்பசி ஈரத்தில் முந்திரி நமத்துவிடும்.

அப்படியானால் ஏன் இனிப்பு காரம்? வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் பிரிப்பது அதைத்தான், பக்கத்து வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதும் அதைத்தான். அதே 600 ரூபாயில் அரை கிலோ இனிப்பும் கால் கிலோவுக்கு மேல் காரமும் தர உள்ளூர்க் கடைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆகாதவருக்குக் காரமாவது உதவும். இதெல்லாம் தெரிந்ததுதான். முடிவு செய்கிற விஷயம் ஒன்றே ஒன்று: செய்த நாளுக்கும் வாயில் போடும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள்.

2026 தீபாவளியை வைத்தே பார்ப்போம். நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெளியூர் ஆட்கள் வெள்ளி ராத்திரியே கிளம்பிவிடுவார்கள், சிலர் வியாழன் இரண்டாம் ஷிப்ட் முடிந்ததும். மூன்று ஷிப்டுக்கும் கொடுத்து முடிக்க வேண்டுமென்றால் வியாழக்கிழமை, 5-ஆம் தேதி, விநியோகம். அதற்குப் பெட்டிகள் புதன் மாலை கேட்டுக்குள் வந்திருக்க வேண்டும். 400 பெட்டி ஒரே நாளில் செய்து, ஆறவைத்து, அடைக்க முடியாது, கடைக்காரர் செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்திருப்பார். ஆக, ஞாயிறு காலை பெட்டி திறக்கும்போது இனிப்புக்கு வயது ஐந்து நாள். ஊரில் மிச்சத்தை வைத்துத் தின்பது இன்னும் மூன்று நாள் என்றால் மொத்தம் எட்டு.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரசகுல்லா வகைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் இரண்டு நாள்தான், பேடா, பால் பர்பி வகைக்கு நாலு நாள். நம் கணக்கில் இவை தீபாவளிக்கு முன்பே காலம் முடிந்துவிடும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பர்பியின் ஓரத்தில் லேசாகப் புளித்த வாடை அடிக்கும், அப்புறம் ஒரு பெட்டியைச் சாப்பிட்டு யாருக்காவது வயிறு கெட்டால் அது கம்பெனி கொடுத்த பரிசு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த வழியில் போகும் பெட்டிக்கு அது வேண்டாம். மைசூர்பாகு, அதிரசம், கடலைமாவு லட்டு, கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாம் பால் சேராதவை, ஈரப்பதம் குறைந்தவை. இவை எட்டு நாளைச் சிரமமில்லாமல் தாங்கும். பெட்டியை நிரப்ப வேண்டியது இவற்றால்தான்.

கடைக்காரர் கொண்டுவரும் மாதிரி அன்று காலை செய்தது, அது எப்படியும் அருமையாகத்தான் இருக்கும். அதனால் மாதிரியை அன்றைக்கே பிரிக்காதீர்கள். நாங்கள் மூன்று கடைப் பெட்டிகளையும் தேதி எழுதி, ஸ்டோரில் சாதாரண வெப்பத்திலேயே வைத்து, ஆறாம் நாள் திறந்தோம். ஒன்றில் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது, லட்டின் அடியில் வெள்ளையாகப் பூஞ்சை. சூடு ஆறுவதற்குள் அடைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னொன்றில் மிக்சர் இனிப்போடு ஒரே பெட்டியில், நடுவே ஒரு அட்டைத் தடுப்போடு இருந்தது. மிக்சர் நமத்துப்போய், வேர்க்கடலையில் காறல் வாடை. மூன்றாவது கடை காரத்தைத் தனி உறையில் காற்றுப் புகாமல் ஒட்டியிருந்தது, மைசூர்பாகு நெய் கசியாமல் கட்டியாக நின்றது. விலையில் அந்தக் கடைதான் சற்றுக் கூடுதல். ஆர்டர் அவர்களுக்கே போனது.

எடையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் நிறுங்கள். அழகான கனத்த அட்டைப்பெட்டியில் அட்டையின் எடை சுலபமாக நூறு கிராமைத் தொடும், அதை இனிப்போடு சேர்த்து நிறுப்பது எடையளவுச் சட்டப்படி தவறு. பர்ச்சேஸ் ஆர்டரில் "அட்டை நீங்கலாக 500 கிராம்" என்றே எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி, கடையின் 14 இலக்க உணவு உரிம எண் மூன்றும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும், செய்த தேதி நவம்பர் 3-க்கு முந்தையதாக இருந்தால் திருப்பி அனுப்புவோம் என்பதையும் அதிலேயே சேருங்கள். பெரிய ஆர்டரில் கடைக்காரர் முன்கூட்டியே செய்து அடுக்கிவிடுவதை இந்த ஒரு வரிதான் தடுக்கிறது.

வந்த பெட்டிகளை வைக்கும் இடமும் முக்கியம். மெஷின் ஷாப்புக்குப் பக்கத்து ஸ்டோரில் கூலன்ட், பெயின்ட், தின்னர் இருக்கும், ஒரே ராத்திரியில் நெய் இனிப்பு அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். கேன்டீன் அறையோ மீட்டிங் ஹாலோ பரவாயில்லை. வடகிழக்குப் பருவமழை நேரம், பைக்கில் போகிறவர்கள்தான் அதிகம், பெட்டியோடு ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையோ துணிப்பையோ கொடுத்தால்தான் அட்டை ஊறாமல் வீடு போய்ச் சேரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு இடத்தில் மட்டும் உலர்பழத்துக்கு வழிவிடுகிறேன். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் ஆட்கள் அதிகம் இருந்தால், அவர்கள் ரயிலில் நாள்கணக்கில் போகிறார்கள், பீகார்க்காரர்களில் பலருக்குத் தீபாவளி முடிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் வரும் சட் பூஜைதான் பெரிய விசேஷம். அவர்களுக்கு நம் எட்டு நாள் கணக்கு செல்லாது. ஒட்டிய உறையில் உலர்பழமும் கடலைமிட்டாயும் கொடுப்பது நல்லது, விலை மட்டும் மற்றவர் பெட்டிக்குச் சமமாக இருக்கட்டும்.

ஆர்டர் எண்ணிக்கையைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர், கேன்டீன் ஆட்கள், செக்யூரிட்டி, துப்புரவு செய்பவர்கள், அப்ரன்டிஸ் பையன்கள், தினமும் வரும் வேன் டிரைவர் எல்லோரையும் கேட் பதிவேட்டைப் பார்த்து எண்ணுங்கள். அதற்கு மேல் நூற்றுக்கு இரண்டு பெட்டி கூடுதலாகச் சொல்லிவையுங்கள். நசுங்கியது, ஈரமானது, பெயர் விட்டுப்போனது என்று வியாழன் ராத்திரி மூன்றாம் ஷிப்டில் யாராவது வந்து நிற்பார்கள், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.