வலப்பக்கம் தளர்ந்த நோயாளி: அடைபட்ட தமனி எது?

வலக்கைப் பழக்கமுள்ள 66 வயதுக்காரர் ஒருவருக்குச் சில ஆண்டுகளாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் திடீரென்று கையிலிருந்து நழுவியது. இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதிக்கும்போது அவருடைய வலது வாயோரம் தொங்குகிறது. ஆனால் நெற்றிச் சுருக்கம் இருபுறமும் சமமாக விழுகிறது. வலது கையை அவரால் படுக்கையை விட்டு உயர்த்தவே முடியவில்லை. வலது காலை உயர்த்திப் பிடிக்கிறார், நாம் அழுத்தினாலும் ஓரளவு தாங்குகிறார். பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் திணறித் திணறி வருகிறது. ‘கண்ணை மூடுங்கள்’, ‘இடது கையில் இரண்டு விரல் காட்டுங்கள்’ என்றால் உடனே செய்கிறார், ஆனால் ஒரு சிறு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் முடியவில்லை. இரண்டு கண்களும் இடப்பக்கமே சாய்ந்து நிற்கின்றன. பார்வைப் புலத்தில் குறையில்லை.

விடைகளாக ஐந்து தமனிகள் தரப்படுகின்றன, எல்லாம் இடப்பக்கத்தைச் சேர்ந்தவை: நடு மூளைத் தமனியின் அடித்தண்டு, அதே தமனியின் மேற்கிளை, முன் மூளைத் தமனி, லெண்டிகுலோஸ்ட்ரையேட் நுண்தமனிகள், பான்ஸுக்குச் செல்லும் பேசிலார் தமனியின் நடுக்கிளை. இவற்றில் எது அடைபட்டாலும் வலப்பக்கம் தளரும். இயக்க நரம்பிழைகள் பெருமூளைப் புறணியில் தொடங்கி, இன்டர்னல் கேப்சூல், நடுமூளை, பான்ஸ் வழியாக இறங்கி, முகுளத்தின் அடிப்பகுதியில்தான் எதிர்ப்பக்கம் கடக்கின்றன. அதற்கு மேல் எங்கே அறுபட்டாலும் எதிர்ப்பக்கக் கை கால் தளர்வதே விளைவு. ஆகவே தளர்ச்சி, மூளையில் பாதிப்பு இடதா வலதா என்பதை மட்டும் சொல்லும். தளர்ச்சி உடலில் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது, அதனோடு என்ன சேர்ந்து வந்திருக்கிறது, என்ன வராமல் இருக்கிறது என்ற மூன்றும்தான் தமனியைக் காட்டுகின்றன. மூன்றாவதைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பதால் அதற்கு இங்கே கூடுதல் இடம் தருகிறேன்.

முதலில் பங்கீடு. இயக்கப் புறணியில் முகமும் கையும் மூளையின் வெளிப்புற மேற்பரப்பில் அமைந்துள்ளன, அங்கே இரத்தம் கொண்டுவருவது நடு மூளைத் தமனி. கால் மட்டும் இரு அரைக்கோளங்களுக்கு இடையேயான உட்புற மேற்பரப்பில் இருக்கிறது, அது முன் மூளைத் தமனியின் பகுதி. எனவே புறணியில் ஏற்படும் பாதிப்பு உடலின் ஒரு பகுதியை விட்டுவைத்து இன்னொரு பகுதியைப் பிடிக்கும். புறணியில் இப்படிப் பரந்து கிடக்கும் இழைகள் எல்லாம் கேப்சூலின் பின்கையில் நெருக்கமாக ஒன்றுசேர்கின்றன. அங்கே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவான அடைப்பும் முகம், கை, கால் மூன்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் வீழ்த்திவிடும். நம் நோயாளியின் கை அசையவில்லை, கால் தாங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே புறணியை நோக்கிக் கை காட்டுகிறது. அதே ஏற்றத்தாழ்வு தலைகீழாக, கால் முற்றிலும் தளர்ந்து கை ஓரளவு இயங்கி, முகம் தப்பியிருந்தால் முன் மூளைத் தமனியை எடுத்திருப்போம். அத்தகைய நோயாளியிடம் பேச்சும் செயலும் தாமாகத் தொடங்காத ஒரு மந்தமும், சிறுநீர் அடங்காமையும், உள்ளங்கையில் விரல் வைத்தால் தானாகப் பற்றிக்கொள்வதும் சேர்ந்திருக்கலாம்.

லெண்டிகுலோஸ்ட்ரையேட் நுண்தமனிகளை விலக்க இன்னொரு வலுவான காரணமும் உண்டு. அது மொழி. இங்கேதான் கேஸ் வினாக்கள் பலரைத் தடுமாற வைக்கின்றன, ஏனென்றால் ‘பேச்சு குழறுகிறது’ என்பதும் ‘பேச்சு வரவில்லை’ என்பதும் படிக்கும்போது ஒன்றுபோல் தோன்றுகின்றன. கேப்சூலில் சிறிய அடைப்பு வந்தவரின் வாயும் நாக்கும் தளர்ந்திருப்பதால் உச்சரிப்பு தெளிவில்லாமல் இருக்கும், ஆனால் மொழி குலையாமல் இருக்கும்: கைக்கடிகாரத்தைக் காட்டினால் பெயர் சொல்வார், வாக்கியத்தைக் குழறியபடியே முழுமையாகத் திருப்பிச் சொல்வார், இடது கையால் எழுதச் சொன்னால் கோணல் எழுத்தில் சரியான வாக்கியத்தை எழுதுவார். ப்ரோக்கா பகுதி பாதிக்கப்பட்டவருக்கோ எழுத்திலும் அதே திணறல் தெரியும். நம் நோயாளி திருப்பிச் சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்ற ஒரு வரிதான் இதைத் தீர்க்கிறது. அந்த வரி முன் மூளைத் தமனியையும் சேர்த்தே விலக்குகிறது: இடப்பக்க முன் மூளைத் தமனி அடைப்பிலும் பேச்சு தானாக எழாமல் போகலாம், ஆனால் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் திறன் அதில் பொதுவாகத் தப்பியிருக்கும்.

அடுத்தது கண். நெற்றிமடலில் உள்ள பார்வை நகர்வு மையம் கண்களை எதிர்ப்பக்கம் தள்ளும் வேலையைச் செய்கிறது. இடது மையம் செயலிழந்தால் வலது மையம் எதிர்ப்பின்றி வேலை செய்து இரண்டு கண்களையும் இடப்பக்கம் தள்ளிவிடும். அதாவது நோயாளி தன் மூளைக் காயத்தைப் பார்க்கிறார், தளர்ந்த கையிலிருந்து முகம் திருப்பியவர் போல இருக்கிறார். பான்ஸில் இது தலைகீழ். அங்குள்ள பார்வை மையம் தன் பக்கமே கண்களை இழுப்பது, ஆகவே இடது பான்ஸ் கெட்டால் கண்கள் இடப்பக்கம் போக முடியாமல் வலப்பக்கம் சாயும், நோயாளி தளர்ந்த கையையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஒரு குறியால் ஐந்தாவது விடை விழுந்துவிடுகிறது. ஆயினும் இதை இயந்திரம்போலப் பயன்படுத்தக் கூடாது. வலிப்பு நடந்துகொண்டிருக்கும்போது புறணி தூண்டப்பட்டு கண்கள் காயத்திலிருந்து விலகிச் சாயலாம்; தாலமஸில் இரத்தம் கசிந்தாலும் சில வேளைகளில் தவறான பக்கம் சாயும். வினாவில் கை கால் துடிப்பு குறிப்பிடப்பட்டிருந்தால் கண்ணின் திசையை நம்பும் முன் நிதானிக்க வேண்டும்.

எஞ்சுவது நடு மூளைத் தமனியின் அடித்தண்டும் மேற்கிளையும். இதுதான் இந்த வினாவின் உண்மையான போட்டி, இங்கே இல்லாத குறிகள்தான் தீர்ப்புச் சொல்கின்றன. அடித்தண்டு அடைபட்டால் லெண்டிகுலோஸ்ட்ரையேட் நுண்தமனிகள் பிறக்கும் இடமே மூடப்படுகிறது. கேப்சூலும் சேர்ந்து இறப்பதால் காலும் கையளவுக்குத் தளரும். கீழ்க்கிளைக்கும் இரத்தம் போகாது; வெர்னிக்கே பகுதி கெட்டுக் கட்டளைகள் புரியாமல் போகும், பார்வை இழைகள் பாதிக்கப்பட்டு இரு கண்களிலும் வலது பாதி மறையும். நம் நோயாளிக்குக் கால் நிற்கிறது, கட்டளை புரிகிறது, பார்வைப் புலம் முழுமையாக இருக்கிறது. மூன்றும் கீழ்க்கிளையும் நுண்தமனிகளும் திறந்திருக்கின்றன என்பதற்கான சாட்சிகள். விடை: இடது நடு மூளைத் தமனியின் மேற்கிளை.

கீழ்க்கிளை மட்டும் அடைபட்டவரைப் பற்றியும் ஒரு சொல். அவருக்குக் கை கால் தளர்ச்சி சிறிதும் இல்லாமலிருக்கலாம், பேச்சு தடையில்லாமல் ஓடும், ஆனால் பொருள் இருக்காது, கேட்டதும் புரியாது. குடும்பத்தார் ‘திடீரென்று புத்தி பேதலித்துவிட்டது’ என்று அழைத்து வருவார்கள். வலது பாதிப் பார்வை போயிருப்பதைப் பரிசோதித்துப் பார்க்காவிட்டால் மனநோய் என்ற முடிவுக்குப் போய்விடுவது எளிது.

இப்போது அதே நோயாளியைச் சில புள்ளிகளில் மாற்றுவோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குப் பதில் கட்டுப்படாத இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும். முகம், கை, கால் மூன்றும் சமமாகத் தளர்ந்திருக்கின்றன. பேச்சு குழறல் மட்டும், மொழி முழுமை. உணர்ச்சிக் குறையில்லை, பார்வைக் குறையில்லை. மில்லர் ஃபிஷரும் கரியும் 1965இல் விவரித்த தனி இயக்கப் பக்கவாதம் இது. இதற்கு லெண்டிகுலோஸ்ட்ரையேட் என்று விடை எழுதுவதே வழக்கம். ஆனால் பான்ஸின் அடித்தளத்தில் ஒரு சிறு துளைத்தமனி அடைபட்டாலும் இதே படம்தான் வரும், படுக்கையருகில் இரண்டையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுத்தால்தான் இடம் தெரியும். ஆகவே நேர்மையாக அமைக்கப்பட்ட வினா இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்காது, வைத்தால் பான்ஸுக்கான ஓர் அடையாளத்தையும் தரும்: காயமுள்ள பக்கத்தில் கண் வெளிப்புறம் நகராமை, அல்லது நெற்றி உட்பட அதே பக்க முகம் முழுவதும் தளர்தல். தளர்ச்சியோடு உணர்ச்சி இழப்பும் பாதிப் பார்வை இழப்பும் சேர்ந்து வந்து, மொழி மட்டும் தப்பியிருந்தால் முன் கோராய்டல் தமனியை நினைக்க வேண்டும். பாடநூல்கள் அதை ஓரமாக ஒதுக்கினாலும், கேப்சூலின் பின்கையையும் பார்வைப் பாதையையும் ஒன்றாகத் தொடும் தமனி அது.

மேற்கூறிய தமனி எல்லைகள் எல்லா மூளையிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலருக்குப் பின் மூளைத் தமனி கரோட்டிடிலிருந்தே கிளம்புகிறது, சிலருக்கு இரு முன் மூளைத் தமனிகளும் ஒரே பக்கத்திலிருந்து ஊட்டம் பெறுகின்றன. அடித்தண்டு முழுவதும் அடைபட்டிருந்தும், மூளையின் மேற்பரப்பில் உள்ள இணைப்புக் குழாய்கள் நன்றாக இருந்தால், பாதிப்பு மேற்கிளை அடைப்பைப் போலவே தெரியலாம். ஆகவே தேர்வில் ‘மேற்கிளை’ என்று எழுதும் அதே மாணவர், வார்டில் சிடி ஆஞ்சியோகிராம் படத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னதாக இரண்டு சோதனைகள் நிற்கின்றன. ஒன்று விரல் நுனி சர்க்கரை: இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலே ஒரு பக்கம் தளர்ந்து பேச்சும் போகலாம். மற்றொன்று சாயமில்லாத சிடி. இடது புட்டாமெனில் இரத்தம் கசிந்தவரும் வலப்பக்கம் தளர்ந்து, கண்கள் இடப்பக்கம் சாய்ந்து, பேச்சிழந்து வரக்கூடும். இடத்தைச் சொல்லும் குறிகள் அங்கே நடந்தது அடைப்பா கசிவா என்பதைச் சொல்வதில்லை. இரண்டு மணி நேரத்தில் அடைப்பு நோயாளியின் சிடி பெரும்பாலும் இயல்பாகவே தெரியும், கசிவோ உடனே வெள்ளையாகத் தெரியும். அந்தப் படத்தில் கசிவு இல்லையென்று உறுதியான பிறகே எந்தத் தமனி என்ற கேள்வி எழுகிறது.