ஆறாவது விரலை முதலில் தூரிகையால் மூடுங்கள்

குன்னூரில் தேயிலைத்தூள் பாக்கெட்டுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். எழுதிக் கொடுத்ததைப் படமாக்கும் AI மாடலான Stable Diffusion-ஐ AUTOMATIC1111 என்ற இடைமுகம் வழியாக நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். வாட்டர்கலர் பாணியில் மலையும் மஞ்சும் சட்டென்று வந்துவிடும். விரல், பல், கண் மூன்றும்தான் படுத்தும்.

இடம் போதாததுதான் முக்கியக் காரணம். மாடல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. 40 பிக்சல் அகலமுள்ள கைக்கு ஐந்தே கட்டம் கிடைக்கும். அதில் விரல்களை எங்கே பிரித்துக் காட்டுவது? அதனால் படத்தின் ஒரு பகுதியை மட்டும் திரும்ப வரையவைக்கும் inpaint-இல், Inpaint area-வுக்கு நான் எப்போதும் வைப்பது Only masked. மாஸ்க் போட்ட, அதாவது தூரிகையால் குறித்துவைத்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி வரைந்து, மறுபடி சுருக்கி ஒட்டிவிடும்.

சமீபத்திய லேபிள் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வலக்கையில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல். மாஸ்க் மட்டும் போட்டு ஓட்டினால் அது திரும்பத் திரும்ப வரும். Masked content-இல் original இருக்கும்போது மாடல் பழைய வடிவத்தின் மேல்தான் வரைகிறது, அங்கே விரல் இருக்கிறதே! எனவே முதலில் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் பக்கத்து இலையின் பச்சையை எடுத்து அந்த விரலை மூடிவிட்டேன். அலங்கோலமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் முழுக் கையையும் சுற்றியுள்ள இலையையும் சேர்த்து மாஸ்க். மணிக்கட்டும் தெரியட்டும் என்று Only masked padding-ஐ 32-லிருந்து 64 ஆக்கினேன். பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் Denoising strength 0.45. பிராம்ப்டில் கையும் கொழுந்தும் பாணியும் மட்டும். முழுக் காட்சியையும் விட்டுவைத்தால் உள்ளங்கைக்குள் ஒரு குட்டிப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

விரலின் நிழல் மறுபடி எட்டிப்பார்த்தால் மேலே பூசியது போதவில்லை. 0.7 பக்கம் போனால் விரல்கள் புதிதாக இடம் மாறும், தாள் சொரசொரப்பு போய்க் கை மட்டும் போட்டோ மாதிரி வழவழக்கும். அந்த வழவழப்பைத் திரையில் கவனிக்காமல் விட்டாலும் அச்சில் பளிச்சென்று தெரியும்.

பல்லுக்கு 0.3 போதும். ஓவியத்தில் பற்களை எண்ணிக் காட்ட அவசியமில்லை. ஒரே வெள்ளைப் பட்டையாகப் பூசிவிட்டு ஓட்டினால் சிரிப்பு இயல்பாகிவிடும். கண்களை இரண்டும் ஒரே மாஸ்க்கில் சேர்த்துச் செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் ஒன்று தொட்டபெட்டாவையும் மற்றது மேட்டுப்பாளையத்தையும் பார்க்கும். ADetailer என்ற நீட்சி முகத்தைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்வதால் கண்ணுக்கு நல்ல துணை. கைக்கு அதை நம்புவதில்லை. கை எங்கே என்று கண்டுபிடிக்கும், விரலை எண்ணாது.

இரண்டு கை பின்னிக் கிடக்கும் படங்களில் இந்த முறையும் திணறுகிறது. அதற்கு என் கையையே போட்டோ எடுத்து, அதைப் பார்த்துக் கோடு போட்டு, மேலே 0.35-இல் பாணியை மட்டும் ஏற்றிக்கொள்கிறேன்.