நாலு வருடம் பக்கம், மூன்று வருடம் வலைத்தளம்: ஒரு தையல் மெஷின் மெக்கானிக்கின் அனுபவம்

தையல் மெஷின் பழுது பார்ப்பதுதான் என் தொழில். முதல் நாலு வருடம் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தேன். குறையே தெரியவில்லை. யாராவது சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். போன் நம்பர், கடை திறக்கும் நேரம், நான் சரிசெய்த மெஷின்களின் போட்டோ, இவ்வளவு இருந்தால் அவர்களுக்குப் போதும்.

இடித்தது ஒரே ஒரு கேள்வியில். "துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குது, பாபினை மாத்தணுமா?" வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் கேட்பார்கள். பெரும்பாலும் அடி நூல் சுற்றியிருக்கும் அந்தப் பாபின் மேல் தப்பே இருக்காது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு மேல் நூலைக் கோர்த்திருப்பார்கள். அப்போது மேல் நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருப்பதால் நூல் அவற்றின் நடுவில் போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோர்த்தால் சரி. இதைப் படத்தோடு பக்கத்தில் போட்டேன். இரண்டு நாள் நிறையப் பேர் பார்த்தார்கள், அப்புறம் புதுப் பதிவுகளுக்கு அடியில் போய்விட்டது. மறு வாரம் அதே கேள்வி. பதில் அனுப்பலாம் என்றால் அந்தப் பதிவை எனக்கே தேடி எடுக்க முடியவில்லை.

பாதித் தையலில் நூல் சிக்கி உட்கார்ந்திருப்பவர் என் பக்கத்துக்கு ஏன் வரப்போகிறார்? கூகுளில்தான் தேடுவார். அவருக்காகத்தான் வலைத்தளம் தொடங்கினேன். ஒரு கோளாறுக்கு ஒரு கட்டுரை. தலைப்பு, வாடிக்கையாளர் கேட்கும் அதே வார்த்தைகளில். முதல் ஐந்து மாதம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு, என்ன தேடி வருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்தால், வந்தவர்களில் பாதிப் பேர் நூல் சிக்கலைத் தேடி வந்தவர்கள். படித்துவிட்டுத் தாங்களே சரிசெய்துகொண்டவர்களும் உண்டு. வருமானம் போச்சே என்று முதலில் நினைத்தேன். மோட்டார் போனபோது அவர்களில் சிலர் என்னைத்தான் தேடி வந்தார்கள்.

வலைத்தளத்திலும் ஒரு அடி வாங்கினேன். அமைத்துக் கொடுத்தவர் தளத்தின் முகவரியான டொமைனைத் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். இரண்டாம் வருடம் புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பு அவருக்குத்தான் போனது. அவர் கவனிக்கவில்லை, ஒரு காலையில் தளமே இல்லை. நல்லவேளை, அவகாசக் காலம் முடிவதற்குள் பணம் கட்டி மீட்டு, என் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். டொமைன் விற்ற நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொண்டு நீங்களே நுழைய முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முடியாவிட்டால் அது இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை.

என் அக்கா எம்ப்ராய்டரி செய்கிறாள். தனக்கும் வலைத்தளம் வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். அவளிடம் வருகிறவர்கள் போட்டோவைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள், கூகுளில் தேடி வருவதில்லை. இருக்கும் ஆர்டரையே முடிக்க நேரமில்லை. பக்கம் முடங்கினால் ஆட்களைப் பிடிக்க வேண்டுமே என்று, வாடிக்கையாளர் நம்பர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.