நூற்கண்டு எந்தப் பக்கம் உருளும்: மையமா, தொடுகைப் புள்ளியா?

புறக்கோட்டை ரிப்பன் கடைகளில் கிடைக்கும் வெற்று ரீல் ஒன்றில் நூலைச் சுற்றி, நூல் அடிப்பக்கமாக வெளியே வரும்படி வைத்துக் கிடையாக இழுத்தால் அது எந்தப் பக்கம் போகும்? வெள்ளவத்தை டியூஷன் வகுப்பொன்றில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேராவது "பின்னுக்குப் போகும், நூல் கழன்று வரும்தானே" என்பார்கள். உண்மையில் ரீல் இழுப்பவரை நோக்கியே வரும், நூலும் சுற்றிக்கொள்ளும்.

உயர்தர மாணவர்கள் பெரும்பாலும் மையத்தைப் பற்றித்தான் திருப்பம் எடுக்கிறார்கள். அதில் உராய்வு f தெரியாக் கணியமாக வந்து நிற்கும். அது எந்தத் திசை என்று முதலில் ஊகிக்க வேண்டும், பிறகு இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும். குறி மாறுவது இங்கேதான். தரையைத் தொடும் புள்ளியைப் பற்றி எடுத்தாலோ உராய்வும் எடையும் செவ்வன் மறுதாக்கமும் அந்தப் புள்ளி வழியாகவே போவதால் மூன்றும் ஒழிந்துவிடும். மிஞ்சுவது இழுவிசை மட்டும். நூல் கிடையோடு θ கோணத்தில் இருந்து, ரீல் வழுக்காமல் உருண்டால், அதன் ஆர்முடுகல்:

a = F R (R cosθ − r) / (I + M R²)

திணிவு M = 0.2 kg, வெளி ஆரை R = 4 cm, உள் ஆரை r = 2 cm, மையத்தைப் பற்றிய சடத்துவத் திருப்பம் I = 1.6 × 10⁻⁴ kg m², இழுவிசை F = 0.6 N என்று வைப்போம். கிடையாக இழுத்தால் முன்னோக்கி 1 m/s². நூலை 75 பாகைக்கு உயர்த்தினால் அடைப்புக்குள் இருப்பது மறைக் குறியாகி, பின்னோக்கி ஏறத்தாழ 0.48 m/s². எல்லை cosθ = r/R, அதாவது இங்கே 60 பாகை. இதைக் கணக்கில்லாமலும் பார்க்கலாம்: நூலின் கோட்டைத் தரைவரை நீட்டுங்கள். தொடுகைப் புள்ளிக்குப் பின்னால் தரையைத் தொட்டால் ரீல் முன்னே வரும், முன்னால் தொட்டால் பின்னே போகும்.

திசைக்கும் ஆர்முடுகலுக்கும் தொடுகைப் புள்ளிதான் என் தெரிவு. ஆனால் அது உராய்வைப் பற்றி வாயே திறக்காது. ரீல் வழுக்குமா என்று பார்க்க f = F cosθ − M a வேண்டும். கிடை இழுப்பில் அது பின்னோக்கி 0.4 N, எடையோ 1.96 N. எனவே உராய்வுக் குணகம் குறைந்தது 0.2 ஆவது இருக்க வேண்டும். பளபளப்பான டைல்ஸில் அது கிடைக்காமல் போகலாம். விளிம்பில் ரப்பர் பட்டி போட்டுப் பார்ப்பது நல்லது.

வழுக்கத் தொடங்கிவிட்டால், ஆர்முடுகலையும் கோண ஆர்முடுகல் α-வையும் இணைக்கும் a = Rα செல்லாது, மேலுள்ள சூத்திரமும் செல்லாது. அப்போது மையத்துக்குத்தான் திரும்ப வேண்டும். 60 பாகையில் மெல்ல இழுத்தால் ரீல் அசையாது. பலமாக இழுத்தால், நூல் கழன்றபடி சுழன்றுகொண்டே இழுப்பவரை நோக்கி வழுக்கி வரும்.