தந்திக் கம்பியா, தண்டவாளமா? 1857-இல் ஆங்கிலேயருக்கு எது கைகொடுத்தது?

ரயிலும் தந்தியும் சேர்ந்துதான் இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சியை நிலைநிறுத்தின என்று பொதுவாக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். சேர்ந்து என்பதில்தான் எனக்குச் சிக்கல். 1857 கிளர்ச்சியை எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள், ஆனால் ஒன்று ஓடியது, இன்னொன்று அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது.

காரணம் எளிது. கல்கத்தாவில் மருத்துவராக இருந்த ஓஷானஸி தந்தி போட்ட விதமே அலாதி. 1851-இல் அவர் தொடங்கிய முதல் தடத்தில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த இரும்புக் கம்பி, அதைத் தாங்க மூங்கில். குரங்கு தொங்கினாலும் அறுந்துபோகக் கூடாதே! இப்படிக் கைக்குக் கிடைத்ததை வைத்தே கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாவற்றையும் 1855-க்குள் இணைத்துவிட்டார். ஆற்றைக் கடப்பதும் தந்திக்குப் பெரிய பாடில்லை.

ரயிலுக்கு அதுதான் பெரும்பாடு. மேடு வெட்டி, பள்ளம் நிரப்பி, பாலம் கட்டினால்தான் வண்டி நகரும். சோன் ஆற்றுப் பாலத்தை 1856-இல் ஆரம்பித்தவர்கள் 1862-இல்தான் முடித்தார்கள். கிளர்ச்சி வெடித்தபோது ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் வரை சுமார் 120 மைல்தான் தண்டவாளம், டெல்லிப் பக்கம் எதுவுமே இல்லை.

மே 10 அன்று மீரட்டில் சிப்பாய்கள் எழுந்ததும் டெல்லி–மீரட் கம்பி அறுபட்டது. மறுநாள் காலை என்ன பழுது என்று பார்க்கப் போன டெல்லி தந்தி அலுவலகப் பொறுப்பாளர் டாட் கொல்லப்பட்டார். ஆனால் அம்பாலா போகும் கம்பி அறுபடாமல் இருந்தது. அலுவலகத்தில் மிஞ்சிய இரண்டு இளம் ஊழியர்கள் அதன் வழியே செய்தியைத் தட்டிவிட்டுத் தப்பி ஓடினார்கள். செய்தி லாகூருக்குப் போனது. மே 13 காலை அங்கே மியான் மீர் முகாமில் அணிவகுப்பு என்று சொல்லி வரவழைத்த சுமார் 2,500 சிப்பாய்களிடம், டெல்லியில் நடந்தது அவர்களுக்குத் தெரியவரும் முன்பே, ஆயுதத்தைப் பறித்துவிட்டார்கள். பஞ்சாப் கைநழுவாமல் போனதற்கு இந்த ஓரிரு நாள் முந்துதல் முக்கியக் காரணம்.

சரி, ரயில் என்ன செய்தது? கிளர்ச்சியை அடக்கச் சென்னையிலிருந்து வரவழைத்த மெட்ராஸ் பியூசிலியர்ஸ் படை கப்பலில் கல்கத்தா வந்தது. ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்த வீரர்கள் ஹவுரா வந்து சேரும் முன்பே, நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுக்கப் பார்த்தார்கள் ரயில்வேக்காரர்கள். படைத் தலைவர் கர்னல் நீல் ஸ்டேஷன் மாஸ்டரைக் காவலில் வைத்து வண்டியை நிறுத்தினார். அப்புறம் என்ன, ராணிகஞ்சோடு தண்டவாளம் தீர்ந்தது. அங்கிருந்து காசிக்கு ஏறத்தாழ 300 மைல், மாட்டு வண்டிதான்! மாடு கிடைத்த அளவுக்குத்தான் ஆட்களைச் சிறு சிறு கூட்டமாக அனுப்ப முடிந்தது.

ஆகப் போரில் தந்திக்கே என் ஓட்டு, ஒரு குறையோடு. அந்தக் கம்பி கடல் தாண்டவில்லை. கிளர்ச்சிச் செய்தி லண்டனை எட்ட ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. 1865-இல் பாரசீக வளைகுடா வழியாகத் தொடர்பு வந்தும், வழிநெடுக ஒவ்வொரு நிலையத்து ஊழியரும் மறுபடி தட்டி அனுப்பியதில் செய்தி குதறிப்போய் நாள்கணக்கில் தாமதமாக வந்தது. 20 சொல்லுக்கு 5 பவுண்டு வேறு. 1870-இல் நேரடிக் கடற்கம்பி வந்த பிறகுதான் மணிக்கணக்கு.

வியாபாரத்தில் கதை வேறு. லிவர்பூல் பஞ்சு விலை தந்தியில் பம்பாய்க்குத் தெரிந்து என்ன பயன், பஞ்சு மாட்டின் முதுகில் வாரக்கணக்கில் வந்தால்? ரயில் 1867-இல் நாக்பூரைத் தொட்ட பிறகே அந்த விலைக்கு அர்த்தம் வந்தது. இங்கே நான் தண்டவாளத்தின் பக்கம்.

ஆனால் இரண்டும் கைகோத்தபோது என்ன ஆனது என்பதற்கு 1876–78 பஞ்சத்தைப் பார்க்க வேண்டும். எங்கே விலை ஏறியது என்று தந்தி உடனே சொல்லிவிடும், அதனால் விளைந்த ஊரிலும் விலை ஏறிவிடும். தானியம் அதிக விலை கொடுப்பவன் இருக்கும் ஊரை நோக்கி ரயிலேறும். சென்னைக் கடற்கரையில் கப்பலில் வந்திறங்கிய தானியம் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது, ரயிலும் அதை உள்நாட்டுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோக மாட்டு வண்டி வேண்டுமே. தீவனமில்லாமல் மாடுகள் அதற்குள் செத்துக்கொண்டிருந்தன.