தனியாகப் பேசுவதா, பொறுப்பாளரிடம் சொல்வதா?

இரவுப் பணி. மருந்து கொடுக்கக் கிளம்பும் சக செவிலியரிடம் மது வாடை. பேச்சு குழறுகிறது, ஒரே அட்டையை மூன்றாம் முறை படிக்கிறார். உங்கள் முன்னால் இரண்டு வழிகள்.

தனியே அழைத்து, “வீட்டுக்குப் போங்க, நான் பார்த்துக்கிறேன்” என்பது முதல் வழி. அவர் மானம் காக்கப்படும். ஆனால் அவர் மறுத்தால் நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கில்லை. ஒப்புக்கொண்டாலும் அதே நிலையில் வண்டியோட்டிப் போவார். ஏற்கெனவே கொடுத்த மருந்துகளை யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

பொறுப்பாளரிடம் உடனே சொல்வது இரண்டாவது. இங்கே “குடித்திருக்கிறார்” என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கண்டதை மட்டும், நேரத்தோடு சொல்லுங்கள்: “2:10-க்கு வாடை வந்தது, பேச்சு குழறியது.” இந்த வேறுபாடு முக்கியம். ரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்தவரும் தள்ளாடுவார், குழறுவார், எரிந்து விழுவார். சர்க்கரை மிகையாகி கீட்டோன் சேர்ந்தால் மூச்சில் பழவாடை வரும். அதை மது என்று நினைத்துவிடலாம். கைகழுவும் திரவத்திலும் ஆல்கஹால் உண்டு. முதலில் சர்க்கரை பார்த்தால் ஓர் உயிரே தப்பலாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தச் சோதனை நடக்காது.

அதனால் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். பொறுப்பாளர் வரும்வரை அவரைத் தனியே விடாமல், மருந்துத் தட்டை மட்டும் வாங்கிக்கொள்வேன். நட்பாகப் பேச மறுநாள் இருக்கிறது.